ஹார்டுவேர் கடைக்கு எது பொருந்தும்: தொடர் இருப்புக் கணக்கா, ஆண்டிறுதி இருப்பெடுப்பா?

கேள்வி: "எங்களுடையது நடுத்தர ஹார்டுவேர் கடை. சுமார் 3,000 வகைப் பொருள்கள் இருக்கும். அப்பா காலத்திலிருந்து மார்ச் கடைசியில் கடையை மூடி ஸ்டாக் எடுப்பதுதான் வழக்கம். இப்போது ஒவ்வொரு பில்லுக்கும் ஸ்டாக் தானாகக் குறையும்படி மாற்றச் சொல்கிறார்கள். அப்படி மாற்றினால் கணக்கு எழுதும் வேலை எவ்வளவு கூடும்? மாற்றத்தான் வேண்டுமா?"

கணக்கரின் மேசையில் வேலை பெரிதாகக் கூடாது. கூடும் வேலை கல்லாவிலும், சரக்கு வந்து இறங்கும் இடத்திலும் கூடும். இரண்டு முறைகளையும் ஒப்பிடும்போது பலர் பேரேட்டுப் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். கணினி வந்த பிறகு அந்த எண்ணிக்கைக்கு அதிகப் பொருளில்லை. பில் போடுபவர் சரியான பொருளைச் சரியான அலகில் தேர்ந்தெடுக்கிறாரா, வந்த சரக்கின் பில் அன்றைக்கே பதிவாகிறதா என்ற இரண்டு விஷயங்கள்தான் தொடர் இருப்புக் கணக்கு உங்கள் கடையில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. வணிகக் கணக்குகளைச் சரிபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் கடையை நேரில் பார்க்காததால் எண்களை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது பின்பற்றும் காலமுறையில் ஆண்டு முழுவதும் இருப்புக் கணக்கு அசைவதே இல்லை. சரக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கில் பற்று, விற்றால் விற்பனைக் கணக்கில் வரவு. அந்தப் பில்லில் இருந்த பூட்டு என்ன அடக்கத்துக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மார்ச் 31 அன்று எண்ணி, விலை போட்டு, கூட்டி வரும் தொகையை இறுதிச் சரக்கிருப்பாக வியாபாரக் கணக்கில் வைக்கிறீர்கள். தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, அதிலிருந்து இறுதி இருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கவிலை கிடைத்துவிடுகிறது. தினசரி வேலை மிகக் குறைவு. ஆனால் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அத்தனை வேலையும் ஒன்றாகச் சேர்ந்து தலையில் விழுகிறது. அதில் எண்ணுவது பாதி வேலைதான். 3,000 பொருளுக்கும் கடைசியாக வாங்கிய பில்லைத் தேடி, வரியை நீக்கி, வண்டி வாடகையைச் சேர்த்து அடக்கம் போடுவதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியைப் பல கடைகளில் விற்பனை விலையிலிருந்து ஏதோ ஒரு சதவீதத்தைக் கழித்து முடித்துவிடுகிறார்கள். லாபக் கணக்கு கோணலாவதற்கு எண்ணிக்கைப் பிழையைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

தொடர் இருப்பு முறையில், பாடப்புத்தகக் கணக்குப்படி, ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு பதிவுகள் உண்டு. விற்பனைத் தொகைக்கு ஒன்று, அந்தச் சரக்கின் அடக்கத்தை இருப்பிலிருந்து இறக்கி விற்ற சரக்கின் அடக்கவிலையில் ஏற்றுவதற்கு இன்னொன்று. நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்கும் டேலியில் இந்த இரண்டாவது பதிவைப் பேரேட்டில் யாரும் போடுவதில்லை, அது தானாகவும் விழுவதில்லை. `Integrate Accounts with Inventory` என்ற விருப்பத்தை `Yes` என்று வைத்தால், பொருள்வாரி இருப்பின் மதிப்பை அன்றன்றைக்குக் கணித்து இலாப நட்டக் கணக்கில் இறுதிச் சரக்கிருப்பாக அதுவே காட்டும். `No` என்று வைத்தால் அந்தத் தொகையை நாம்தான் கையால் தர வேண்டும். ஆகவே கணக்கருக்குக் கூடுதல் பதிவு என்று ஏதும் இல்லை. அவர் நம்பும் எண் மட்டும் மார்ச் மாதத் தாளிலிருந்து கல்லாவில் போட்ட பில்லுக்கு இடம் மாறுகிறது.

அந்த எண் எப்படி உருவாகிறது, எப்படிக் கெடுகிறது என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துப் பார்க்கலாம். மின்கம்பி 90 மீட்டர் சுருளாக வருகிறது, நாம் சுருளாகவும் விற்கிறோம், மீட்டராக வெட்டியும் விற்கிறோம். வரி நீங்கலாகச் சுருள் 1,800 ரூபாய்க்கு, அதாவது மீட்டர் 20 ரூபாய்க்கு வாங்கிய சரக்கில் 240 மீட்டர் கையிருப்பில் இருக்கிறது. மதிப்பு 4,800 ரூபாய். இப்போது விலை ஏறி, 5 சுருள்கள் தலா 1,980 ரூபாய்க்கு வருகின்றன. 450 மீட்டர், 9,900 ரூபாய். இருப்பு 690 மீட்டராகவும் மதிப்பு 14,700 ரூபாயாகவும் ஆகிறது, சராசரி அடக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 21 ரூபாய் 30 காசு. அடுத்து ஒருவர் 25 மீட்டர் வாங்கினால், சுமார் 533 ரூபாய் அடக்கம் இருப்பிலிருந்து இறங்கும். மனிதர் ஒவ்வொரு பில்லுக்கும் இதைப் போட்டால் கை ஓய்ந்துவிடும். கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை.

அதே பில்லில் கல்லாப் பையன் அலகை மாற்றாமல் 25 சுருள் என்று அழுத்திவிட்டால் 2,250 மீட்டர் இறங்கி, இருப்பு கழித்தல் 1,560 மீட்டர் என்று நிற்கும். பில் தொகையைச் சரியாகத் தட்டிவிட்டிருந்தால் வாடிக்கையாளருக்கும் தெரியாது, கல்லாப் பணமும் ஒத்துப்போகும். இருப்பு மட்டும் கெட்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கழித்தலில் நிற்கும் பொருள்களின் பட்டியலைத் தினமும் கடை அடைக்கும் முன் பார்ப்பது. அந்தப் பட்டியலில் ஒரு பொருள் இருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்: அலகு தவறியிருக்கும், அரை அங்குல எல்போவுக்குப் பதில் முக்கால் அங்குல எல்போவில் பில் விழுந்திருக்கும், அல்லது சரக்கு இறங்கி விற்கவும் தொடங்கிவிட்ட பிறகும் கொள்முதல் பில் ஏறாமல் இருக்கும். ஹார்டுவேரில் மூன்றாவது அடிக்கடி நடக்கும். காலையில் வண்டி வரும், பில் முதலாளியின் சட்டைப் பையில் இரண்டு நாள் தங்கும், அதற்குள் பாதிச் சரக்கு போய்விடும். அந்தப் பில் ஏறும்வரை அந்தப் பொருளின் அடக்கமும் லாபமும் அர்த்தமில்லாத எண்கள்.

இத்தனை சிரமத்துக்கும் பதிலாகக் கிடைப்பது என்ன என்பதை ஓர் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். தொடக்க இருப்பு 18 லட்சம், கொள்முதல் 72 லட்சம், விற்பனை 82 லட்சம், மார்ச் 31 அன்று எண்ணிய இருப்பு 20 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். காலமுறைப்படி விற்ற சரக்கின் அடக்கம் 69 லட்சத்து 50 ஆயிரம், மொத்த லாபம் 12 லட்சத்து 50 ஆயிரம், அதாவது விற்பனையில் 15.2 சதவீதம். இதே கடை தொடர் இருப்பு முறையில் நடந்து, பில்வாரி இறங்கிய அடக்கம் 68 லட்சத்து 60 ஆயிரம் என்று வந்தால், புத்தகப்படி இருப்பு 21 லட்சத்து 40 ஆயிரம் இருக்க வேண்டும். எண்ணினால் 20 லட்சத்து 50 ஆயிரம்தான் இருக்கிறது. 90 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு எங்கோ போயிருக்கிறது. திருட்டாக இருக்கலாம், பில் போடாமல் கொடுத்ததாக இருக்கலாம், வெட்டிய துண்டுகளாக இருக்கலாம், சொந்த வீட்டு வேலைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். காலமுறையில் இந்த 90 ஆயிரமும் விற்றதாகவே கணக்கில் கரைந்துவிடும். லாபம் ஏன் குறைந்தது என்று கேட்டால் "போட்டி அதிகம்" என்ற பதில்தான் வரும். உண்மையில் விற்ற சரக்கில் லாபம் 16.3 சதவீதம் கிடைத்திருக்கிறது, விலையில் குறையில்லை, சரக்குதான் கசிகிறது. கடைசியாக வரும் லாபத் தொகை இரண்டு முறையிலும் ஒன்றுதான். தொடர் முறை அதைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவே.

தொடர் முறை வந்தால் ஸ்டாக் எடுக்க வேண்டாம் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். கணினி சொல்வது இருக்க வேண்டிய இருப்பு, அலமாரி சொல்வதுதான் இருக்கிற இருப்பு. ஒரே நாளில் எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதில், வாரம் ஓர் அலமாரி என்று சுழற்சியாக எண்ணலாம் என்பதே இதில் கிடைக்கும் வசதி. கடையை மூடவும் வேண்டாம், வித்தியாசம் வந்தால் தடமும் ஆறியிருக்காது. டேலியில் எண்ணிய அளவை `Physical Stock` பதிவில் ஏற்றினால் இருப்பு திருந்திவிடும். ஆனால் அந்தப் பதிவு பேரேட்டில் எந்தக் கணக்கையும் தொடாது, குறைவின் மதிப்பு ஓசையில்லாமல் மொத்த லாபத்தைக் குறைத்துவிடும். ஆகவே ஏற்றுவதற்கு முன் பொருள், புத்தக அளவு, எண்ணிய அளவு, மதிப்பு என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 90 ஆயிரத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் இந்த முறைக்கே வந்தோம்.

இனி வேலை எங்கே கூடும் என்பதற்கு வருகிறேன். முதல் சுமை தொடக்கத்தில் ஒருமுறை வருவது. 3,000 பொருளுக்கும் பெயர், அலகு, மாற்று அலகு, வரி விகிதம், தொடக்க அளவு, அடக்கம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். "தாழ்ப்பாள் 6 இன்ச்", "6 இஞ்ச் தாழ்" என்று ஒரே பொருள் இரண்டு பெயரில் ஏறிவிட்டால் ஒன்று எப்போதும் கழித்தலிலும் மற்றொன்று எப்போதும் மிகையிலும் நிற்கும். ஆகவே பெயர் வைக்கும் ஒழுங்கை ஒருவரே தீர்மானிக்க வேண்டும்: பொருள், பிராண்டு, அளவு என்ற வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது சுமை கொள்முதலில் வருகிறது. இப்போது 40 வரிகள் கொண்ட ஒரு பில்லை ஒரே தொகையாக ஏற்றுகிறீர்கள், இனி 40 வரிகளும் ஏற வேண்டும். அதோடு வண்டி வாடகை, இறக்குகூலி ஆகியவற்றை அந்தச் சரக்கின் அடக்கத்தில் பங்கிட வேண்டும். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் பதினொன்றை உள்ளே ஏற்றி, பத்தின் விலையைப் பதினொன்றுக்குப் பரப்ப வேண்டும். பெயிண்ட் கம்பெனி காலாண்டு முடிவில் தரும் தள்ளுபடிக்கான கிரெடிட் நோட்டு வருவதற்குள் அந்தச் சரக்கில் பெரும்பகுதி விற்றிருக்கும். அதற்காகப் பழைய பில்களைத் தோண்ட வேண்டாம். அதைக் கொள்முதல் தள்ளுபடி என்று தனிக் கணக்கில் வைத்து, ஆண்டிறுதியில் கையில் மிஞ்சிய சரக்குக்கு உரிய பங்கை மட்டும் இருப்பு மதிப்பில் குறைத்தால் போதும்.

மூன்றாவதுதான் உண்மையான இடர்: சில்லறை விற்பனை. இரண்டு ஸ்க்ரூ, ஒரு வாஷர், கால் கிலோ ஆணி என்று வருபவருக்குப் பொருள்வாரி பில் போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் மேஸ்திரி அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஜிஎஸ்டி சட்டமே 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனையில், வாங்குபவர் பதிவு பெறாதவராகவும் பில் கேட்காதவராகவும் இருந்தால், தனித்தனி பில் வேண்டாம், நாள் முடிவில் அத்தகைய விற்பனை அனைத்துக்கும் சேர்த்து ஒரே பில் போட்டுக்கொள்ளலாம் என்று இடம் கொடுக்கிறது. வரிக்கு அது போதும், இருப்புக்குப் போதாது. அன்று என்னென்ன போயிற்று என்பது அந்த ஒற்றைத் தொகையில் இருக்காது. பொருள்வாரிக் கணக்கு வைத்தே தீருவேன் என்று ஆணி வரைக்கும் இழுத்த கடைகளில் சில மாதங்களில் பில் போடுபவர் கையில் கிடைத்த ஏதோ ஒரு பொருளின் பெயரில் சில்லறையை எல்லாம் தள்ளத் தொடங்கிவிடுகிறார். அதன் பிறகு நல்ல பொருள்களின் இருப்பும் சேர்ந்து கெடுகிறது.

சட்டம் இதில் ஒரு பக்கம் சாய்கிறது. ஜிஎஸ்டி விதி 56-இன்படி, விற்றுமுதலில் நிலையான ஒரு சதவீதத்தை வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் இல்லாத ஒவ்வொரு பதிவு பெற்ற வணிகரும் தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, களவு போனது, அழிந்தது, இலவசமாகக் கொடுத்தது, மீதி இருப்பு ஆகியவற்றைக் காட்டும் சரக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும். மார்ச் 31 அன்று எடுத்த ஒற்றைப் பட்டியல் இந்தத் தேவையை நிறைவேற்றாது. இதில் ஐயமில்லை. ஆனால் எந்த அளவுக்கு நுணுக்கமாக, அதாவது ஒவ்வோர் அளவு ஸ்க்ரூவுக்கும் தனிக் கணக்கா, ஸ்க்ரூ என்ற பிரிவுக்கு ஒரே கணக்கா என்பதை விதி வரையறுத்துச் சொல்லவில்லை. மலிவான உதிரிகளைப் பிரிவாகச் சேர்ப்பது நியாயமானது என்பது என் நிலைப்பாடு. தணிக்கைக்கு வரும் எல்லா அதிகாரிகளும் அதை ஏற்பார்கள் என்று உறுதி தர மாட்டேன். நீங்கள் தொகுப்புத் திட்டத்தில் 1 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் இந்தச் சரக்குக் கணக்குக் கடமை உங்களுக்கு இல்லை, இப்போதைய வழக்கத்தையே தொடரலாம்.

குறைவு கண்டுபிடித்தால் அதற்கு ஒரு விலையும் உண்டு. தொலைந்த, களவு போன, அழிந்த, கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரி என்று கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5). மேலே கண்ட 90 ஆயிரம் முழுவதும் களவென்று வைத்து, 18 சதவீதச் சரக்கென்றால், 16,200 ரூபாய். காலமுறையில் இது தெரியாமல் போவதால் கடமை இல்லாமல் போவதில்லை. வெட்டுத் துண்டு, எடைச் சேதம் போன்ற இயல்பான கழிவுக்கும் இது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் கடைக்கு நான் சொல்வது கலப்பு முறை. பூட்டு, குழாய், பெயிண்ட், மின்கம்பி, பவர் டூல்ஸ், பைப், பெட்டி உடைக்காத ஸ்க்ரூ ஆகியவற்றுக்குப் பொருள்வாரித் தொடர் கணக்கு. எண்ணிக்கையில் இவை கடைச் சரக்கில் பாதிகூட இராது, பணத்தில் பெரும்பகுதி இவைதான். உதிரிகளுக்குப் பிரிவுக் கணக்கு: ஆணி எல்லா அளவும் கிலோவில் ஒரே பொருள், ஏனென்றால் அளவுக்கு அளவு கிலோ விலையில் வித்தியாசம் அதிகமில்லை. ஸ்க்ரூவில் வித்தியாசம் அதிகம் என்பதால் பெட்டியை உடைத்ததும் அதன் அடக்கத்திலேயே "உதிரி ஸ்க்ரூ" என்ற பொருளுக்கு மாற்றிவிடுங்கள். சில்லறை விற்பனை அந்தப் பெயரில் விழட்டும், மாதக் கடைசியில் உதிரித் தட்டுகளைத் தோராயமாக எடை போட்டு இருப்பைத் திருத்துங்கள். உதிரிக்கு இது மாதாந்திரக் காலமுறைதான். அதற்கு மேல் துல்லியம் தேடினால் செலவழியும் கூலிக்கு அந்தச் சரக்கு ஈடாகாது.

வங்கியில் சிசி கடன் இருந்தால் மாதாமாதம் சரக்கிருப்பு அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். இப்போது அதை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று ஊகிக்க முடிகிறது: போன மாத இருப்பு, கூட்டல் கொள்முதல், கழித்தல் விற்பனையின் 85 சதவீதம். 15 சதவீத லாபம் நிலையாக இருக்கும் என்ற அனுமானத்தில் அது ஓடுகிறது, கசிவு இருந்தால் மாதாமாதம் இருப்பு கூடுதலாகவே தெரியும், மார்ச்சில்தான் உடையும். கலப்பு முறைக்கு வந்த பிறகு அந்த அறிக்கையைப் பொருள்வாரிப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம்.

மாற்றுவதானால் ஏப்ரல் 1 அன்று தொடங்குங்கள். எப்படியும் மார்ச் 31 அன்று எண்ணப் போகிறீர்கள், அந்த எண்ணிக்கையே தொடக்க இருப்பாகிவிடும். அந்த எண்ணிக்கையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 31-ஆம் தேதி இறங்கிய சரக்கை எண்ணிவிட்டு அதன் பில்லை ஏப்ரலில் ஏற்றினால் அந்த ஆண்டு லாபம் அவ்வளவு தொகைக்குப் பொய்யாகக் கூடி, அடுத்த ஆண்டு அதே அளவு குறையும். பில் போட்டுப் பணமும் வாங்கிய பிறகு, கட்டட வேலைக்காரர் "அப்புறம் எடுத்துக்கறேன்" என்று கடையிலேயே விட்டுப்போன சரக்கு உங்களுடையது அல்ல, அதை எண்ணக் கூடாது. எல்லாப் பிரிவையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். முதல் காலாண்டில் பெயிண்டும் மின்கம்பியும் மட்டும் பொருள்வாரியாக ஓடட்டும், மற்றவை ஒவ்வொரு பிரிவாகவே இருக்கட்டும். ஜூன் முடிவில் அந்த இரண்டு பிரிவையும் எண்ணிப் பாருங்கள். புத்தகத்துக்கும் அலமாரிக்கும் உள்ள வித்தியாசம் சில பொருள்களில் மட்டும், காரணம் சொல்லக்கூடியதாக இருந்தால் பூட்டு, குழாய் என்று அடுத்த பிரிவுக்குப் போகலாம். பாதிப் பொருள்கள் ஒத்துவரவில்லை என்றால் மென்பொருளை மாற்றாதீர்கள். கொள்முதல் பில் எந்த நாள் வந்தது, எந்த நாள் ஏறியது என்ற இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும்.